மேசையில் இடமில்லாத கமக்காரன்

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த எமது பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு பங்கு மண்டபத்திலும், ஞாயிறு பிற்பகல்களில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்கூடத்திலும் வரலாற்றுப் பாடம் நடத்தி வருகிறோம். தரம் 10, 11 பிள்ளைகள். பெரும்பாலானோரின் பெற்றோர் வயலும் தோட்டமும் செய்தவர்கள். ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தகப்பன் ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் மேசைக்கு இருபுறமும் இருந்து, அரிசி விலையும் இறப்பர் விலையும் சொல்லி வாதாடிக் கொண்டிருந்தார்கள். "தம்பி, உது படிப்போ விளையாட்டோ?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலையே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

பாடநூலில் ஒரு வரி உண்டு: 1952ஆம் ஆண்டு இலங்கைக்கும் சீனாவுக்கும் இடையில் இறப்பர் – அரிசி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. பிள்ளைகள் இதை மனனம் செய்வார்கள். ஆண்டைக் கேட்டால் சொல்வார்கள். ஏன் செய்தார்கள் என்று கேட்டால், "இலங்கைக்கு அரிசி தேவை, சீனாவுக்கு இறப்பர் தேவை" என்பார்கள். அது பிழையல்ல. ஆனால் இவ்வளவு எளிதான காரியமென்றால் அது வரலாற்றில் இடம்பெற வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பேர் பண்டம் மாற்றிக்கொண்ட கதையாக முடிந்திருக்கும். அது ஏன் எளிதாக இருக்கவில்லை என்பதை விளங்க வைக்கவே நாம் பிள்ளைகளை மேசையில் இருத்தினோம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கொரிய யுத்தம் 1950இல் தொடங்கியபோது உலகில் இறப்பர் விலை ஏறியது. 1951க்குப் பின்னர் அது கீழே விழுந்தது. அதே காலத்தில் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாகி, விலை ஏறிக்கொண்டே போனது. விற்கும் பொருளின் விலை இறங்க, வாங்கும் பொருளின் விலை ஏறினால் ஒரு கமக்காரக் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அன்று முழு நாடும் அந்த நிலையில் இருந்தது. சீனாவிடம் அரிசி இருந்தது. அதற்கு இறப்பர் வேண்டியிருந்தது. ஆனால் சீனா கொரியப் போரில் இறங்கியிருந்ததால், போருக்கு உதவும் பொருட்களை அந்நாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே மாதம் கேட்டுக்கொண்டது. இறப்பரும் அப்படியான ஒரு பொருளே. அத்தகைய பொருட்களை விற்கும் நாடுகளுக்கு உதவி வழங்குவதை நிறுத்தும் சட்டமொன்றை அமெரிக்கா அதே ஆண்டில் இயற்றியது. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகளில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. 1955 டிசம்பரில்தான் அது கிடைத்தது. சீனாவுடன் தூதரக உறவும் அப்போது இல்லை. அது 1957இல்தான் ஏற்பட்டது.

இந்த நெருக்கடியின் நடுவே, பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவின் தலைமையில் ஒரு குழுவைச் சீனாவுக்கு அனுப்பியது. 1952 டிசம்பர் 18ஆந் திகதி பீக்கிங்கில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் இலங்கையிலிருந்து போகும். ஆண்டுக்கு 270,000 தொன் அரிசி சீனாவிலிருந்து வரும். இறப்பருக்குச் சீனா சந்தை விலையிலும் கூடுதலாகக் கொடுக்க இணங்கியது. இது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. வாசகர்களில் மூத்தவர்கள் சங்கக் கடையில் கூப்பனுக்கு வாங்கிய அரிசியில் இந்த ஒப்பந்தத்தின் அரிசியும் இருந்திருக்கும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். இருபத்துநான்கு பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தோம். ஒன்று, சீனாவுக்குப் போகும் இலங்கைக் குழு. இரண்டு, சீனக் குழு. மூன்று, கொழும்பில் இருக்கும் அமைச்சரவை. இதில் அமெரிக்க நட்பைப் பெரிதாக மதித்த நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவும் உண்டு. நான்கு, அமெரிக்கத் தரப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டை கொடுத்தோம். அதில் அந்தத் தரப்புக்கு என்ன வேண்டும், எதை இழக்க முடியாது, எது தெரியும், எது தெரியாது என்று எழுதியிருந்தோம். ஒரு குழுவின் அட்டையை மற்றக் குழு பார்க்கக் கூடாது.

முதல் தடவை விளையாட்டு படுதோல்வி. ஐந்து நிமிடத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது! "சேர், அவங்கள் சைன் பண்ணினவங்கள்தானே, நாங்களும் பண்ணீட்டம்" என்றான் ஒரு மாணவன். முடிவு அவனுக்கு முன்பே தெரியும். முடிவு தெரிந்த பிள்ளை பேச்சுவார்த்தை நடத்த மாட்டான், பாடநூலை ஒப்புவிப்பான். ஆகவே இத்தகைய பாடத்தை நடத்த எண்ணும் ஆசிரியர்கள் இந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும். "அவர்கள் செய்தார்கள், ஆகவே நாமும் செய்கிறோம்" என்ற சொல் எந்தக் குழுவிலிருந்து வந்தாலும், விளையாட்டு நின்றுவிட்டது என்றே பொருள்.

இதற்கு நாம் கண்ட பரிகாரம் இரண்டு. ஒன்று, பாடநூலின் அந்தப் பகுதியைப் படிப்பிக்கும் முன்னரே விளையாட்டை நடத்துவது. மற்றது, வரலாற்றில் நடந்த முடிவுக்கே வர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவது. அமெரிக்காவில் பார்னாட் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் 1990களில் தொடங்கிய வகுப்பறை விளையாட்டு முறையும் இந்த விதியிலேயே நிற்கிறது. மாணவர் பழைய சபைகளின் உறுப்பினராக இருந்து வாதாடுவர். தமது பாத்திரம் நம்பியதை மீறக் கூடாது. ஆனால் வாதத்தின் முடிவு உண்மையில் நடந்ததிலிருந்து மாறலாம். எது உண்மையில் நடந்தது, ஏன் வேறுபட்டது என்பதைக் கடைசியில் ஆசிரியர் எடுத்துச் சொல்வார். அந்தக் கடைசிப் பேச்சு இல்லாவிட்டால் பிள்ளைகள் பொய்யான வரலாற்றோடு வீட்டுக்குப் போவார்கள். எனவே எமது வகுப்பில் இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்குகிறோம்.

இரண்டாம் தடவை வெள்ளவத்தையில் நடத்தியபோது பேச்சு சூடுபிடித்தது. ஐந்தாண்டுக்குக் கட்டுப்படலாமா, ஓராண்டு போதுமா என்பதிலேயே இலங்கைக் குழு இரண்டாகப் பிளந்தது. இறப்பர் விலை நாளைக்கு ஏறினால் ஐந்தாண்டு நட்டம். இறங்கினால் ஐந்தாண்டு இலாபம். யாருக்கும் தெரியாது. அமெரிக்கத் தரப்பாக இருந்த பிள்ளைகள் உதவியை நிறுத்துவோம் என்று வெருட்டினார்கள். "அப்ப நீங்கள் எங்கட இறப்பரைக் கூட விலைக்கு வாங்குவியளோ? அரிசி தருவியளோ?" என்று அமைச்சரவைப் பிள்ளை திருப்பிக் கேட்டாள். அவர்களது அட்டையில் அதற்கு விடை இல்லை. உண்மையிலும் இலங்கை முதலில் அமெரிக்காவிடம்தான் கேட்டது. இணக்கம் காண முடியவில்லை. பாடநூலில் ஒரு பக்கம் படித்தாலும் விளங்காதது, பதில் சொல்ல முடியாமல் அந்தப் பிள்ளைகள் மௌனமாக இருந்த அரை நிமிடத்தில் விளங்கியது.

இங்கே ஒரு தவறு எழுந்தது. அதைத் திருத்தாமல் விடக் கூடாது. 270,000ஐ 50,000ஆல் பிரித்து, "ஒரு தொன் இறப்பருக்கு ஏறத்தாழ ஐந்தரைத் தொன் அரிசி" என்று பிள்ளைகள் பேரம் பேசத் தொடங்கினார்கள். இது பண்டமாற்று அல்ல. இறப்பருக்குத் தனி விலை, அரிசிக்குத் தனி விலை. இரண்டு கணக்கும் பணத்தில் எழுதப்பட்டு ஒன்றுக்கொன்று கழிக்கப்படும். விலை மாறினால் ஒரு பக்கம் மிச்சம் நிற்கும். கடைக்காரரின் கொப்பியில் கடனுக்குச் சாமான் வாங்கி, அறுவடைக்குப் பின் நெல் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பதை எடுத்துச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது.

தொகைகள் வெறும் எண்களாக நிற்காதபடி இன்னொரு கணக்கும் செய்யவைத்தோம். 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் ஏறத்தாழ 81 இலட்சம் பேர். 270,000 தொன்னை அவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 33 கிலோ அளவில் வரும். ஒரு கொத்து இரண்டு இறாத்தல் என்று கொண்டால் சுமார் 37 கொத்து. வாரத்துக்கு முக்கால் கொத்திலும் சற்றுக் குறைவு. "இது காணாதே!" என்றார்கள் பிள்ளைகள். ஆம், காணாது. அப்படியானால் மிச்ச அரிசி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விதான் எமது பாடத்தை மாற்றியது. கொட்டாஞ்சேனை வகுப்பில், அதுவரை வாய் திறவாமல் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்: "ரீச்சர், அப்ப நெல்லு விதைக்கிறவை இந்த மேசையிலை எங்கை இருக்கினம்?"

நாம் தயாரித்த நான்கு அட்டைகளிலும் கமக்காரன் இல்லை. அமைச்சர்கள் இருந்தார்கள், வல்லரசுகள் இருந்தன. நெல் விளைவித்தவரையும் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவரையும் நாமே மறந்துவிட்டோம். பேச்சுவார்த்தை விளையாட்டுகளின் பெரிய குறை இதுவென்றே நாம் கருதுகிறோம். மேசையில் இருந்தவர்களே வரலாறு என்ற எண்ணத்தை அவை பிள்ளைகளின் மனதில் பதிக்கின்றன.

அடுத்த கிழமை இரண்டு புதிய அட்டைகளை எழுதினோம். முதலாவது, இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர். அரசாங்கம் உத்தரவாத விலைக்கு நெல் வாங்கும் திட்டம் 1940களிலேயே தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து அரிசி தாராளமாக வந்தால் தனது நெல்லைப் பற்றி அரசாங்கத்துக்கு அக்கறை குறையுமோ என்பது அவரது பயம். ஆனால் பெரும்போக அறுவடைக்கு முந்திய மாதங்களில் வீட்டில் நெல் முடிந்துவிட்டால், அவரும் கூப்பன் புத்தகத்தோடு சங்கக் கடை வாசலில் நிற்க வேண்டியவரே. அப்போது அரிசிக் கப்பல் வந்தாக வேண்டும். ஒரே மனிதனுக்கு இரண்டு நலன்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எழுதும்போது எமக்குக் கடினமாக இருந்த இந்த அட்டையைப் பிள்ளைகள் மிக இலகுவாக விளங்கிக்கொண்டார்கள். தங்கள் வீட்டில் கண்டதுதானே.

இரண்டாவது, களுத்துறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டும் இந்திய வம்சாவளித் தொழிலாளி. ஒப்பந்தத்தில் போகும் 50,000 தொன், அன்றைய நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி. அதை மரத்திலிருந்து எடுப்பவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவரைப் போன்ற பெரும்பாலானோர் வாக்குரிமை இழந்திருந்தனர். இந்த அரசாங்கத்தைத் தெரிந்தெடுத்த 1952 மே மாதத் தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை.

இவர்கள் இருவரையும் மேசையில் இருத்தலாமா என்று எமக்குள் விவாதித்தோம். பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும். 1952இல் பீக்கிங் மேசையில் கமக்காரனுக்குக் கதிரை போடப்படவில்லை. ஆகவே ஒரு விதி செய்தோம். இவர்கள் பேசக் கூடாது. பேச்சுவார்த்தைக்கு முன் ஒரு பக்க மனு எழுதி அமைச்சரவையிடம் கொடுக்கலாம். அமைச்சரவை அதை வாசிக்கலாம், வாசிக்காமலும் விடலாம். மற்றவர்கள் பேசும் நேரமெல்லாம் இவர்கள் பின்வாங்கில் இருந்து பார்க்க வேண்டும்.

அமைச்சரவைப் பிள்ளைகள் முதல் மனுவை வாசித்தார்கள். இரண்டாவதைப் பிரிக்கவே இல்லை. நேரம் போதவில்லை என்றார்கள். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. பின்வாங்கில் இருந்த பையன் கடைசிப் பேச்சின்போது, "வாக்கில்லாத ஆளின்ரை கடிதம் எண்டபடியால் அவசரமில்லை எண்டு நினைச்சிட்டினம்" என்றான். அமைச்சராக இருந்த பிள்ளை சற்று யோசித்துவிட்டு, "ஓம், அப்பிடித்தான்" என்று ஒத்துக்கொண்டான். வாக்குரிமை என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

விளையாட்டைக் கைச்சாத்தோடு முடிப்பது மற்றுமொரு பிழை. கைகுலுக்கியதும் எல்லாம் நன்றாக முடிந்தது என்று பிள்ளைகள் நம்புவார்கள். அப்படி முடியவில்லை. அமெரிக்கா சில ஆண்டுகளுக்கு உதவியை நிறுத்தியது. சீன அரிசி வந்தும் மானியச் சுமையை அரசாங்கத்தால் தாங்க முடியவில்லை. 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால். கடைகள் மூடப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். துறைமுகத்துக்கு அருகில் குடியிருக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் இதைக் கேட்டபோது, மேசையில் தாங்கள் பேசிய அரிசி யாருடைய பானைக்குப் போக வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தார்கள்.

ஏன் இந்த நிகழ்ச்சியைத் தெரிந்தெடுத்தீர்கள், எமது துயரத்தையே நடிக்க வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1983ஐயோ, 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வையோ, 2009ஐயோ பிள்ளைகளை நடிக்கச் செய்வதை நாம் ஏற்கவில்லை. அவற்றைக் கண்டவர்களும் அவற்றில் உறவுகளை இழந்தவர்களும் அதே வீட்டில் இருக்கிறார்கள். துரத்தியவன், துரத்தப்பட்டவன் என்று அட்டை எழுதி ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது பாடமல்ல. அது காயத்தைக் கிளறுவது. அவற்றைப் பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் இருந்து கேட்க வேண்டும்.

எமது பிரச்சினையைத் தொடும் சபை விவாதம் வேண்டுமென்றால் 1944 மே மாதத்தில் அரசாங்க சபையில் நடந்த மொழி விவாதம் உண்டு. சிங்களத்தை அரச கரும மொழியாக்க ஜே. ஆர். ஜயவர்தன பிரேரணை கொண்டுவந்தார். தமிழையும் சேர்க்கும்படி திருகோணமலை – மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா திருத்தம் கொண்டுவந்தார். சபை தமிழையும் சேர்த்தே பிரேரணையை ஏற்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. முடிவு எப்போதும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, வேறு வழியும் ஒருமுறை திறந்திருந்தது என்று இந்த விவாதம் காட்டும். ஆயினும் அமைதியாக வாதாடப் பழகிய வகுப்பில் மட்டும், இரண்டாவது விளையாட்டாகவே இதை நடத்த வேண்டும் என்பது எமது கருத்து. அரிசியையும் இறப்பரையும் பற்றி எதிர்த்தரப்புக்காகப் பேசப் பழகாத பிள்ளை, மொழியைப் பற்றி எதிர்த்தரப்பின் வாயால் பேச முடியாது.

பெற்றோராகிய உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்களில் சிலரிடம் பழைய கூப்பன் புத்தகமோ, நெல்லைச் சங்கத்துக்குக் கொடுத்த சிட்டையோ இன்னும் இருக்கலாம். பல இடம் மாறியும் சில கடதாசிகள் தப்பியிருக்கும். அவற்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். கடதாசி இல்லையென்றால், எந்த மாதத்தில் வீட்டு நெல் முடியும், அப்போது என்ன செய்தீர்கள் என்பதை வந்து சொல்லுங்கள். கமக்காரரின் அட்டையை இப்போது நாம் எழுதுவதில்லை. பிள்ளைகளே உங்களிடம் கேட்டு எழுதுகிறார்கள்.

அன்று வாசலில் நின்று கேட்ட அந்தத் தகப்பன் மூன்றாம் கிழமை உள்ளே வந்து பின்வாங்கில் இருந்தார். தன் மகள் எழுதிய மனுவை வாங்கி வாசித்துவிட்டு ஒரு வரியைத் திருத்தினார். "புசலுக்கு விலை எவ்வளவு எண்டு மட்டும் கேட்டால் காணாது. எத்தனை நாளிலை காசு தருவியள் எண்டும் கேள் பிள்ளை" என்றார். அந்த வரி இப்போது எங்கள் அட்டையில் இருக்கிறது.